பழ ஈ கலப்பில் விகிதம் பொருந்தவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

பழ ஈ கலப்புப் பரிசோதனையில் விகிதம் பொருந்தாதபோது, ஆய்வக அறிக்கைகளில் பெரும்பாலும் வரும் வரி இது: "மனிதப் பிழையால் எதிர்பார்த்த விகிதம் கிடைக்கவில்லை." இந்த வரியால் யாருக்கும் பயனில்லை. பழ ஈயில் நடக்கும் பிழைகள் ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் தனக்கே உரிய தடயத்தை விட்டுப் போகும். எந்த வகை ஈ கூடியிருக்கிறது, எந்தப் பாலினத்தில் கூடியிருக்கிறது, எந்தக் குப்பியில், எத்தனையாவது நாளில் என்று பார்த்தால், பிழை எங்கே நடந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு கலப்பை வைத்துக்கொள்வோம். தாய் வெள்ளைக்கண் பெண், தந்தை சாதாரணச் சிவப்புக்கண் ஆண். கண் நிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, வெள்ளை ஒடுங்கு பண்பு. மகள்களுக்குத் தந்தையின் எக்ஸ் கிடைப்பதால் அவர்கள் எல்லோரும் சிவப்புக்கண். மகன்களுக்குத் தாயின் எக்ஸ் மட்டுமே கிடைப்பதால் எல்லோரும் வெள்ளைக்கண். இந்த முதல் தலைமுறையை ஒன்றோடொன்று கலந்தால், இரண்டாம் தலைமுறையில் சிவப்புப் பெண், சிவப்பு ஆண், வெள்ளைப் பெண், வெள்ளை ஆண் நான்கும் 1:1:1:1.

கலப்பைத் திருப்பிப் போட்டும் செய்யலாம்: சிவப்புக்கண் பெண், வெள்ளைக்கண் ஆண். ஆனால் எனக்கு அந்தத் திசை பிடிக்காது. அதில் முதல் தலைமுறை முழுக்கச் சிவப்பு. தாய் ஏற்கெனவே தன் குப்பியிலிருந்த சிவப்புக்கண் ஆணோடு சேர்ந்திருந்தாலும் பிள்ளைகள் சிவப்புதான். அதாவது பிழை நடந்தும் வெளியே தெரியாது. வெள்ளைக்கண் தாயை வைத்துத் தொடங்கினால், முதல் தலைமுறையிலேயே பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நாள் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அடிக்கடி தேவைப்படும். 25 டிகிரி செல்சியஸில் முட்டை சுமார் ஒரு நாளில் பொரியும். லார்வா நிலை நான்கைந்து நாள், கூட்டுப்புழு நிலை இன்னும் நான்கைந்து நாள். கலப்பு போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய பத்தாம் நாள் முதல் ஈ வெளியே வரும். 18 டிகிரியில் இதே பயணத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு நாள் ஆகும். உங்கள் குறிப்பேட்டில் வெப்பநிலை எழுதப்படவில்லை என்றால், கீழே வரும் எந்த நாள் கணக்கையும் உங்கள் குப்பிகளுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

அறிகுறி: முதல் தலைமுறையில் வெள்ளைக்கண் பெண்கள் இருக்கிறார்கள்

இதுதான் மிக அதிகமாக வரும் புகார். கோட்பாட்டின்படி இந்தக் கலப்பில் வெள்ளைக்கண் மகள் இருக்கவே கூடாது. இருந்தால் நான்கு காரணங்களில் ஒன்று. எளிதானதிலிருந்து பார்ப்போம்.

முதலில், அவை பிள்ளைகளே அல்ல, தாய்களாக இருக்கலாம். பெற்றோரை ஏழாம் நாள் வாக்கில் குப்பியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தாலோ, எடுக்கும்போது ஒன்றிரண்டு பஞ்சடைப்பில் ஒளிந்துகொண்டாலோ, பத்தாம் நாளுக்குப் பிறகு அவையும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளைக்கண் பெண்களின் எண்ணிக்கை நீங்கள் போட்ட தாய்களின் எண்ணிக்கையைத் தாண்டாது. கூடவே ஒன்றிரண்டு சிவப்புக்கண் ஆண்களும் இருக்கும், ஏனென்றால் தந்தையும் உள்ளேதான் இருக்கிறார். முதல் நாள் எண்ணும்போதே இவை தலைகாட்டும். அப்புறம் அவற்றைக் கூர்ந்து பாருங்கள்: சிறகு ஓரம் கிழிந்து, உடல் நிறம் நன்றாக முற்றிப்போய் இருந்தால் அது அன்று பிறந்த ஈ அல்ல.

அடுத்தது பாலினம் பிரிப்பதில் தவறு. வெள்ளைக்கண் மகன்களையே பெண் என்று எழுதியிருக்கலாம். பாடத்தில் சொல்லும் அடையாளங்கள் உங்களுக்குத் தெரியும். ஆணின் வயிற்று நுனி உருண்டு கறுத்திருக்கும், பெண்ணின் வயிறு பெரிதாக, நுனி கூர்ந்து, கோடுகள் கடைசிவரை தனித்தனியாகத் தெரியும். வளர்ந்த ஈக்களுக்கு இது போதும். ஆனால் கூட்டிலிருந்து வந்து சில மணி நேரமே ஆன ஈயில் கறுப்பு நிறம் இன்னும் ஏறியிருக்காது. ஆணும் பெண்ணும் ஒரே வெளிறிய நிறம், வயிறும் நீண்டு உப்பியிருக்கும். இந்த நேரத்தில் வயிற்றின் நிறத்தை நம்பிப் பிரித்தால், இளம் ஆண்கள் எல்லோரும் பெண் கணக்கில் போய்விடுவார்கள்.

நம்பத்தக்க அடையாளம் முன்னங்கால்தான். ஆணின் முன்னங்கால்களில், பாதப் பகுதியின் முதல் கணுவில், தடித்த கறுப்பு முட்கள் வரிசையாகச் சீப்பு போல நிற்கும். பெண்ணுக்கு இது கிடையாது. ஈயை மல்லாக்கப் போட்டு, மென்மையான தூரிகையால் காலை விரித்து, ஸ்டீரியோ நுண்ணோக்கியில் உருப்பெருக்கத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தால் கறுப்புப் புள்ளி மாதிரித் தெரியும். உடல் முழுக்கக் கறுத்திருக்கும் எபனி வகை ஈக்களிலும் வயிற்றின் நிறம் உதவாது, இந்தச் சீப்புதான் கைகொடுக்கும். வயிற்றின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்: ஆணின் நுனியில் பழுப்பு நிற இனப்பெருக்க உறுப்பு வட்டமாகத் தெரியும். வெளிறிய இளம் ஆணிலும் இதைப் பார்க்க முடியும்.

எண்ணிய ஈக்களைத் தூக்கிப் போடாமல், குப்பி வாரியாக உறைவிப்பானில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். சந்தேகம் வந்தால் அந்த வெள்ளைக்கண் "பெண்களை" மட்டும் எடுத்து முன்னங்காலைத் திரும்பப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை.

மூன்றாவது காரணம்தான் உண்மையான குற்றவாளியாக இருப்பது வழக்கம்: தாய் கன்னி ஈ அல்ல. பெண் பழ ஈ ஒரு முறை சேர்ந்தால் அந்த விந்தணுக்களை உடலுக்குள் சேமித்து வைத்து நாள்கணக்கில் பயன்படுத்தும். வெள்ளைக்கண் வளர்ப்புக் குப்பியில் அதன் சகோதரர்கள் எல்லோரும் வெள்ளைக்கண். அவர்களில் ஒருவரோடு சேர்ந்துவிட்டு உங்கள் கலப்புக்கு வந்த தாய், வெள்ளைக்கண் மகள்களையும் வெள்ளைக்கண் மகன்களையும் பெறும். பிறகு நீங்கள் போட்ட சிவப்புக்கண் ஆணோடும் சேரும். பொதுவாகக் கடைசியில் சேர்ந்த ஆணின் விந்துவே பெருமளவு பயன்படும் என்பதால், பழைய விந்துவின் பிள்ளைகள் சிறு பங்காகவே வரும். அதனால்தான் குப்பி முழுக்கக் கெடாமல், நல்ல முடிவுக்கு நடுவே கொஞ்சம் வெள்ளைக்கண் பெண்கள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன.

25 டிகிரியில் பெண் ஈ வெளிவந்து ஏறக்குறைய 8 மணி நேரத்துக்குச் சேராது. 18 டிகிரியில் இந்த இடைவெளி சுமார் 16 மணி நேரம். எனவே வழி இதுதான். காலையில் வளர்ப்புக் குப்பியிலிருந்து எல்லா ஈக்களையும் வெளியேற்றிவிட்டு, நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள். 8 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து, புதிதாக வந்தவற்றில் பெண்களை மட்டும் தனிக் குப்பிக்கு மாற்றுங்கள். மாலையில் எடுக்க முடியாது என்றால் குப்பியை இரவில் 18 டிகிரியில் வைத்துவிட்டு மறுநாள் காலை எடுக்கலாம்.

கோளாறு வருவது "எல்லா ஈக்களையும்" என்ற இடத்தில். உணவில் ஒட்டிக்கொண்டு பாதி உயிரோடு கிடக்கும் ஓர் ஆண், பஞ்சில் தொற்றிக்கொண்ட ஓர் ஆண், இப்படி ஒன்று மிச்சமிருந்தாலும் ஆபத்துதான். 8 மணி நேரக் கணக்கு புதிதாக வரும் ஈக்களுக்கு இடையில் சேர்க்கை நடக்காது என்பதை வைத்துப் போடப்பட்டது. முதிர்ந்த ஆண் ஒன்று உள்ளே காத்திருந்தால், நீங்கள் வருவதற்குள் கடைசி மணி நேரங்களில் அது முந்திக்கொள்ளும். வெளியேற்றிய பிறகு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு முறை பாருங்கள்.

கன்னி ஈயைப் பார்த்தவுடன் அடையாளம் காணவும் ஒரு வழி உண்டு. உடல் வெளிறியிருக்கும், வயிற்றின் தோல் வழியாக உள்ளே ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரியும். கூட்டுப்புழு நிலையின் கழிவு அது. சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். புள்ளி தெரிந்தால் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். தெரியவில்லை என்றால் கன்னி அல்ல என்று முடிவு கட்ட வேண்டாம், நேரக் கணக்கை நம்புங்கள்.

இன்னொரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. சேகரித்த பெண்களை ஆண் இல்லாமல் மூன்று நான்கு நாள் தனியாக வைத்துப் பாருங்கள். உணவில் லார்வா ஊர்ந்தால் அந்தக் குப்பியில் குறைந்தது ஒன்று கன்னி அல்ல, மொத்தக் குப்பியையும் ஒதுக்குங்கள். முட்டையைப் பார்த்துப் பதற வேண்டாம். சேராத பெண்ணும் சில முட்டைகள் இடும், அவை பொரியாது. லார்வாதான் சாட்சி.

நான்காவது காரணம் அரிது: தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் போவது. கால்வின் பிரிட்ஜஸ் 1916-இல் இந்த வெள்ளைக்கண் விதிவிலக்குகளை வைத்துத்தான் மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்பதை உறுதிப்படுத்தினார். அப்படி வரும் மகளுக்கு இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கும், கண் வெள்ளை. அதன் மறுபாதியாக, தாயின் எக்ஸ் இல்லாமல் தந்தையின் எக்ஸ் மட்டும் பெற்ற சிவப்புக்கண் மகன் வரும். அது மலடு. ஆனால் இது ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் நடக்கும். இருநூறு ஈக்களில் பத்துப் பதினைந்து வெள்ளைக்கண் பெண்களை வைத்துக்கொண்டு "குரோமோசோம் பிரியாமை" என்று அறிக்கையில் எழுதுபவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எண்கள் ஒத்துவராது.

சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று குப்பிகளின் மொத்தம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்புப் பெண் 112, வெள்ளை ஆண் 121, வெள்ளைப் பெண் 13, சிவப்பு ஆண் ஒன்றுகூட இல்லை. தாய் கன்னி அல்ல என்றால், வெள்ளைக்கண் மகள்கள் 13 வந்த அதே பழைய சேர்க்கையிலிருந்து ஏறக்குறைய அதே அளவு வெள்ளைக்கண் மகன்களும் வந்திருக்க வேண்டும். அவர்கள் 121-க்குள் ஒளிந்திருக்கிறார்கள். 121-இலிருந்து 13-ஐக் கழித்தால் 108. அது 112-க்குப் பக்கத்தில் நிற்கிறது. கதை பொருந்துகிறது.

ஆனால் அவசரப்பட வேண்டாம். பாலினம் பிரிப்பதில் தவறு என்று வைத்துப் பாருங்கள்: அந்த 13-ம் ஆண்கள் என்றால் சிவப்புப் பெண் 112, வெள்ளை ஆண் 134. எதிர்பார்ப்பு 123, 123. கை-ஸ்கொயர் மதிப்பு 1.97, ஒரு சுதந்திரக் கூறுக்கான எல்லை 3.84. இதுவும் தள்ளிவிட முடியாத அளவுக்குப் பொருந்துகிறது! இந்த அளவு ஈக்களை வைத்து எண்ணிக்கை மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. உறைவிப்பானில் இருக்கும் 13 ஈக்களின் முன்னங்கால்தான் தீர்ப்பு சொல்லும். சீப்பு இல்லை, 13-ம் உண்மையிலேயே பெண்கள், அதிலும் 13-ம் இரண்டாம் குப்பியிலிருந்து மட்டுமே வந்தவை என்று தெரிந்தால், முடிவு உறுதி. பாலினத் தவறு எல்லாக் குப்பிகளிலும் சிதறியிருக்கும். கன்னி அல்லாத ஒரு தாய் ஒரு குப்பியில்தான் இருக்க முடியும். குப்பி வாரியாக எண்ணி எழுதுவதன் பலன் இது. மொத்தத்தை மட்டும் எழுதியிருந்தால் இந்தத் தடயம் போய்விட்டிருக்கும்.

அறிகுறி: இரண்டாம் தலைமுறையில் வெள்ளைக்கண் அளவுக்கு மேல்

மேலே சொன்ன இரண்டாம் குப்பியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது இங்கே வரும். இரண்டாம் தலைமுறைக்கு முதல் தலைமுறைப் பெண்கள் கன்னியாக இருக்கத் தேவையில்லை, ஏனென்றால் அவை சேர்வது சொந்தச் சகோதரர்களோடுதான், நமக்கு வேண்டியதும் அதுதான். வழிமுறைத் தாளில் இதைப் படித்தவுடன் பலர் முதல் தலைமுறை ஈக்களைப் பார்க்காமலே புதுக் குப்பிக்குள் தட்டிவிடுகிறார்கள். கன்னி தேவையில்லை என்பது உண்மை. பார்க்கத் தேவையில்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை.

இப்படித் தட்டிவிட்ட ஒரு குப்பியின் எண்ணிக்கை: சிவப்புப் பெண் 61, சிவப்பு ஆண் 54, வெள்ளைப் பெண் 83, வெள்ளை ஆண் 78. மொத்தம் 276, ஒவ்வொரு வகைக்கும் எதிர்பார்ப்பு 69.

```
(61−69)²/69 + (54−69)²/69 + (83−69)²/69 + (78−69)²/69
= (64 + 225 + 196 + 81) / 69
= 566 / 69 = 8.20
```

மூன்று சுதந்திரக் கூறுகளுக்கு 5 விழுக்காட்டு எல்லை 7.815. அதைத் தாண்டிவிட்டது, 1:1:1:1 பொருந்தவில்லை. பெரும்பாலான அறிக்கைகள் இந்த வரியோடு நின்றுவிடுகின்றன. உண்மையில் வேலை இங்கேதான் தொடங்குகிறது: விலகல் எந்தத் திசையில்?

பெண்கள் மொத்தம் 144, ஆண்கள் 132. பாலினத்தில் பெரிய கோளாறு இல்லை. சிவப்பு 115, வெள்ளை 161. கோளாறு கண் நிறத்தில்தான், அதுவும் இரண்டு பாலினத்திலும் வெள்ளை கூடியிருக்கிறது. வெள்ளைக்கண் ஈக்கள் பொதுவாகச் சிவப்புக்கண் ஈக்களைவிட வலுக்குறைந்தவை. பிழைக்கும் திறன்தான் காரணம் என்றால் வெள்ளை குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்கக் கூடாது. ஆகவே வெளியிலிருந்து வெள்ளைப் பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்கின்றன.

எவ்வளவு? முறையான கலப்பில் சிவப்பும் வெள்ளையும் சமம். சிவப்பு 115 என்றால் அதற்கு இணையான வெள்ளை 115. மீதி 46 வெள்ளை கூடுதல். அதில் பாதி பெண், பாதி ஆண் என்று கழித்தால் வெள்ளைப் பெண் 60, வெள்ளை ஆண் 55. இவை 61, 54 என்ற சிவப்பு எண்களுக்கு அருகிலேயே வந்துவிட்டன. அதாவது குப்பிக்குள் போன பெண்களில் ஒன்று, இரண்டு எக்ஸிலும் வெள்ளை மரபணு கொண்டது. அது சேர்வதும் வெள்ளைக்கண் ஆணோடுதான், ஆகவே அதன் பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை. குப்பியில் ஆறு பெண்கள் இருந்தால், 276-இல் ஆறில் ஒரு பங்கு 46. பெண்கள் எல்லோரும் சமமாக முட்டையிடுவதில்லை, அதனால் உண்மையான குப்பியில் இவ்வளவு கச்சிதமாக விழாது. அளவு அந்த அக்கம்பக்கத்தில் இருந்தால் போதும்.

இதே பழைய சேர்க்கையில் பிறந்த வெள்ளைக்கண் ஆண்கள் குப்பிக்குள் போனால் ஒரு தீங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றுக்குத் தாயிடமிருந்து வந்த எக்ஸ் ஒன்றுதான், அது முறையான மகன்களுடைய எக்ஸைப் போன்றதே. கெடுப்பது வெள்ளைக்கண் பெண்கள் மட்டும்தான். ஆகவே தீர்வும் எளிது. முதல் தலைமுறையை மயக்கி, சிவப்புக்கண் பெண்களை மட்டும் எடுத்து, வெள்ளைக்கண் ஆண்களோடு புதுக் குப்பியில் போடுங்கள். இரண்டாம் குப்பி ஈக்களை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டிய அவசியம்கூட இல்லை.

அறிகுறி: கலப்பு போட்டு ஐந்து நாள் ஆகியும் லார்வா இல்லை

மயக்க முறையைச் சந்தேகியுங்கள். ஈதரில் வைத்த ஈ அசையாமல் விழுந்தவுடன் வெளியே எடுக்க வேண்டும். சிறகுகள் உடலோடு ஒட்டி மடிந்திருந்தால் மயக்கம். சிறகுகள் மேல்நோக்கி விறைத்து, கால்களும் நீட்டிக்கொண்டு நின்றால் அது எழுந்திருக்காது. அந்த ஈயைக் கலப்பில் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். எண்ணுவதற்கு மட்டும் என்றால் பரவாயில்லை. ஈதர் பக்கத்தில் தீப்பொறிகூட இருக்கக் கூடாது என்பதை நினைவூட்டத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கார்பன் டை ஆக்சைடில் ஈக்கள் சில விநாடிகளில் சாயும், வாயுவை நிறுத்தினால் சீக்கிரம் எழும். வசதியானது என்பதாலேயே ஆபத்து: தட்டில் போட்டுவிட்டு அரை மணி நேரம் பாலினம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். நீண்ட நேரம் அதில் கிடந்த ஈக்கள், குறிப்பாக அன்று பிறந்த கன்னிகள், எழுந்தாலும் சரியாகச் சேர்வதில்லை. கன்னிகளைப் பிரிக்கும்போது ஒரு தடவைக்குச் சில ஈக்களை மட்டும் எடுத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள். ஐஸில் குளிரவைப்பது ஈக்கு இவற்றைவிடப் பாதுகாப்பானது, ஆனால் தட்டில் ஈரம் படிந்தால் சிறகு ஒட்டிக்கொள்ளும். ஐஸுக்கும் ஈக்கும் நடுவில் பெட்ரி தட்டும் அதன்மேல் உலர்ந்த வடிதாளும் வையுங்கள். ஐஸிலிருந்து எடுத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் பறந்துவிடும், அதனால் தட்டை ஐஸின் மேலேயே வைத்து வேலை பாருங்கள்.

மயக்கம் சரியாக இருந்தும் ஈக்கள் செத்துக்கிடந்தால், உணவைப் பாருங்கள். தூங்கும் ஈயை நிமிர்ந்த குப்பிக்குள் போட்டால் அது ஈரமான உணவின் மேல் விழுந்து, சிறகு ஒட்டி, எழும்போதே மாட்டிக்கொள்ளும். குப்பியைப் படுக்கவைத்து, ஈக்களைக் கண்ணாடிச் சுவரில் விட்டு, எல்லாம் எழுந்து நடமாடிய பிறகு நிமிர்த்துங்கள்.

பெற்றோர் நன்றாக உயிரோடு திரிய, முட்டையும் இருக்க, லார்வா மட்டும் இல்லை என்றால் முட்டைகள் கருவுறவில்லை. ஆண் ஈக்கள் கெட்டிருக்கின்றன, அல்லது நீங்கள் "ஆண்" என்று போட்டவற்றில் ஆணே இல்லை. முன்னங்காலைத் திரும்பப் பாருங்கள். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வளர்ந்த ஆண்கள் மலடாவதும் நடக்கும். கோடையில் வெப்பம் கட்டுப்படுத்தாத அறையில் குப்பிகளை வைத்திருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்.

அறிகுறி: விகிதம் நாளுக்கு நாள் மாறுகிறது

பத்தாம் நாள் எண்ணியபோது ஒரு விகிதம், பதினான்காம் நாள் வேறு விகிதம். இது பிழை என்பதைவிட, சீக்கிரம் நிறுத்தியதன் விளைவு. ஒடுங்கு பண்புடைய ஈக்கள் பல வகைகளில் சாதாரண ஈக்களைவிட மெதுவாக வளரும். சிறகு குறுகிய வெஸ்டிஜியல் இதற்கு நல்ல உதாரணம். 3:1 எதிர்பார்க்கும் கலப்பில் முதல் இரண்டு நாளில் வந்தவற்றை மட்டும் எண்ணினால் சாதாரண ஈக்கள் மிகையாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் வந்தவற்றை எடுத்துத் தனித்தனியாக எழுதி, கடைசியில் கூட்டுங்கள். குப்பியில் லார்வா நெரிசல் அதிகமானால் மெதுவானவை இன்னும் பின்தங்கும், சில பிழைக்கவே செய்யாது. ஒரு குப்பிக்கு நான்கைந்து பெண்களுக்கு மேல் போடாமல் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

மறுபக்கம், ரொம்ப நாள் எண்ணிக்கொண்டே போகவும் கூடாது. பத்தாம் நாள் வந்த பிள்ளைகள் ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கும். 25 டிகிரியில் இருபதாம் நாளைத் தாண்டினால் அடுத்த தலைமுறை ஈக்கள் வெளியே வரும். வந்தால் அவை முதல் தலைமுறையோடு கலந்து தெரியும், வெள்ளைக்கண் பெண்கள் திடீரென்று முளைக்கும், நீங்கள் மேலே சொன்ன கன்னிப் பிரச்சினையைத் தேடி அலைவீர்கள். பதினெட்டாம் நாளோடு எண்ணிக்கையை மூடிவிடுங்கள். வெள்ளைக்கண் பெண்கள் பதினெட்டாம் நாளுக்கு முன் இல்லை, பின்புதான் வந்தன என்று குறிப்பேடு காட்டினால் விடை கையிலேயே இருக்கிறது.

அறிகுறி: 9:3:3:1 எதிர்பார்த்தோம், நான்காவது வகை ஒன்றுகூட வரவில்லை

இரண்டு பண்புக் கலப்பில் இது வரும், எல்லோரும் எண்ணியதில் தவறு என்று நினைப்பார்கள். செப்பியா கண்ணும் எபனி உடலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரபணுக்களும் மூன்றாம் குரோமோசோமில் இருக்கின்றன. செப்பியா ஈயை எபனி ஈயோடு கலந்து, பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தால், இரண்டாம் தலைமுறையில் சாதாரணம் 2, செப்பியா 1, எபனி 1, இரண்டும் சேர்ந்தது 0 என்றுதான் வரும். ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் நடப்பதில்லை என்பதே காரணம். செப்பியாவும் எபனியும் ஒன்றாகக் கொண்ட விந்தணுவை முதல் தலைமுறை ஆண் உருவாக்க முடியாது. பெண்ணில் குறுக்கேற்றம் எவ்வளவு நடந்தாலும் இந்த 2:1:1:0 மாறாது.

சுதந்திரப் பிரிவு காட்ட வேண்டும் என்றால் வெவ்வேறு குரோமோசோமில் உள்ள இரண்டைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக இரண்டாம் குரோமோசோமின் வெஸ்டிஜியலும் மூன்றாம் குரோமோசோமின் எபனியும். குறுக்கேற்றத்தை அளக்க வேண்டும் என்றால் முதல் தலைமுறைப் பெண்ணை, இரண்டு ஒடுங்கு பண்பும் உள்ள ஆணோடு சேர்க்க வேண்டும். அங்கே பெண் கன்னியாக இருந்தே ஆக வேண்டும், சகோதரனோடு சேர்ந்திருந்தால் எண்கள் குழம்பிவிடும்.

அறிக்கையில் எப்படி எழுதுவது

கை-ஸ்கொயரை எப்போதும் ஈக்களின் உண்மையான எண்ணிக்கையில்தான் போட வேண்டும், விழுக்காட்டில் அல்ல. 276 ஈக்களை 100-ஆகச் சுருக்கினால் மேலே பார்த்த 8.20 சுமார் 2.97 ஆகிவிடும், பொருந்தாத விகிதம் பொருந்துவதுபோலத் தோன்றும். ஒதுக்கிய ஈக்களை அட்டவணையிலிருந்து அழிக்க வேண்டாம். எண்ணியபடியே முழு எண்ணிக்கையும் ஓர் அட்டவணையில் இருக்கட்டும். அதன் கீழே இப்படி எழுதலாம்: "குப்பி 2-இல் 13 வெள்ளைக்கண் பெண்கள்; முன்னங்காலில் சீப்பு இல்லை என்று மறுபரிசோதனையில் உறுதி; பெற்றோர் 7-ஆம் நாள் நீக்கப்பட்டனர்; தாய்களில் ஒன்று கன்னி அல்ல என்று கொள்ளப்படுகிறது; குப்பி 1, 3 ஆகியவற்றின் எண்ணிக்கைக்குத் தனியாகக் கை-ஸ்கொயர் கீழே தரப்பட்டுள்ளது."